14ஆம் படுக்கை, "பார்த்துக்கொள்ளவும்": ஒப்படைப்புப் படிவக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

பணி மாறும்போது நோயாளிகளை அடுத்த டாக்டரிடம் ஒப்படைக்க, அடுத்த மாதத்திலிருந்து எல்லா வார்டுகளிலும் நீங்கள் கொண்டுவரப்போகும் புதிய ஒப்படைப்புப் படிவத்தின் மாதிரி என் கைக்கு வந்தது. இரண்டு பக்கம், 26 கட்டம். பெரும்பாலும் டிக் அடிக்கும் கட்டங்கள். கடைசியில் "ஒப்படைப்பு முடிந்தது: ஆம் / இல்லை" என்று ஒரு வரி. உழைத்துத்தான் செய்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைப் படித்து முடித்ததும் எனக்கு ஒரு பழைய இரவு ஞாபகம் வந்தது. பயிற்சி மருத்துவராக நான் பார்த்த மூன்றாவது இரவுப் பணி. அன்றைக்கு இந்தப் படிவம் இருந்திருந்தால் 26 கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பியிருப்பேன். நடந்ததும் அப்படியே நடந்திருக்கும். அதனால் அந்த இரவைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்று வயதையும் படுக்கை எண்ணையும் மாற்றியிருக்கிறேன்.

இரவு 8 மணிக்கு என் டியூட்டி தொடங்கியது. எனக்கு முன்னால் இருந்தவர் பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்துப்போய், பை தோளில் ஏறிய நிலையில், ஒரு தாளை என் கையில் கொடுத்தார். 22 நோயாளிகள், படுக்கை எண் வரிசையில். 14ஆம் படுக்கைக்கு எதிரே ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "68 வயது, பெண். வாந்தி பேதி, சிறுநீரகப் பாதிப்பு. பொட்டாசியம் அதிகம், சரிசெய்யப்பட்டது. பார்த்துக்கொள்ளவும்."

நான் தலையாட்டினேன். அந்த வரி எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மாவுக்கு மாலை 7 மணிக்குப் பொட்டாசியம் 6.7. ஐந்தைத் தாண்டினாலே அதிகம் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை மருத்துவர் அல்லாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பொட்டாசியம் அந்த அளவுக்கு ஏறினால் இதயத் துடிப்பு தடம் மாறி நின்றே போகலாம். அவர் ஈசிஜியில் டி அலை கூம்பு மாதிரி எழும்பியிருந்தது. எனவே முறைப்படி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். இதயத்தைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட். பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ள 7:40க்கு இன்சுலின் 10 யூனிட், அதனால் சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்கக் கூடவே 25 கிராம் குளுக்கோஸ்.

இதில் எதுவும் பொட்டாசியத்தை உடம்பை விட்டு வெளியே அனுப்புவதில்லை. கால்சியம் அதன் அளவைத் தொடுவதே இல்லை, முப்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ இதயத்துக்குக் காவல் நிற்கும், அவ்வளவுதான். இன்சுலின் அதைச் செல்லுக்குள் ஒளித்துவைக்கிறது. நாலு முதல் ஆறு மணி நேரத்தில் அந்தப் பிடி விட்டதும், சிறுநீர் வழியாக வெளியேறாத பொட்டாசியம் திரும்ப ரத்தத்துக்கே வரும். ஆகவே 8 மணிக்கு "சரிசெய்யப்பட்டது" என்று எழுத வழியே இல்லை. "தள்ளிப்போட்டிருக்கிறோம்" என்று எழுதியிருந்தால் சரி.

இன்னொன்றும் உண்டு. சிறுநீரகம் பழுதானவரின் உடம்பில் இன்சுலின் சீக்கிரம் கழியாது, ஆனால் கூடக் கொடுத்த குளுக்கோஸ் ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் ஊசி போட்ட பிறகு ஆறு மணி நேரம் வரைக்கும் சர்க்கரை சரிய வாய்ப்பு இருக்கிறது. ஊசிக்கு முன்பே சர்க்கரை சாதாரணமாக இருந்தவருக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். இந்த அம்மாவுக்கு ஊசிக்கு முன் 104. சர்க்கரை நோய் இல்லாதவர். அதனால்தான், இங்கே கவனியுங்கள், அவருடைய அட்டையில் சர்க்கரை அளவு குறிக்கும் பக்கமே இல்லை. விரல் நுனியில் குத்திப் பார்க்க யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. இன்சுலின் போட்டது கேஸ் ஷீட்டின் பின்பக்கம், உடனடி மருந்துகள் எழுதும் இடத்தில் ஒரு வரியாக இருந்தது. என் கையில் இருந்த தாளில் அந்தச் சொல்லே இல்லை.

9 மணிக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு 9:40க்கு வந்தது. பொட்டாசியம் 5.6. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. தாளில் 14ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் "5.6, சரி" என்று எழுதி ஒரு டிக் போட்டேன். ஊசி போட்டு ஒரு மணி இருபது நிமிடத்தில் எடுத்த ரத்தம் அது, இன்சுலின் முழு வேகத்தில் வேலை செய்யும் நேரம். மிக நல்ல எண் வரக்கூடிய நேரத்தில் எடுத்த எண்ணைப் பார்த்துத்தான் நான் நிம்மதி அடைந்திருக்கிறேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அப்புறம் இரண்டு புதிய நோயாளிகள் வந்தார்கள், மூச்சுத் திணறலோடு ஒருவர், ரத்த வாந்தியோடு ஒருவர். 14ஐ மறந்தே போனேன்.

12:30க்கு சிஸ்டர் வந்து கூப்பிட்டார். "டாக்டர், 14ல அந்தம்மா எழுப்பினா கண்ணத் திறக்கறாங்க, ஆனா பேச்சு குழறுது. உடம்பெல்லாம் நனைஞ்சிருக்கு."

போய்ப் பார்த்தேன். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, தலையணை உறை ஈரம். பெயரைக் கேட்டால் பாதி சொல்லி நிறுத்தினார். என் மனம் பெரிய பெரிய நோய்களுக்கெல்லாம் போனது. பக்கவாதமா? யூரியா ஏறி மூளையைத் தாக்குகிறதா? தலை ஸ்கேனுக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் கேஸ் ஷீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாக்டர், இவங்களுக்கு இன்சுலின் போட்டிருக்காங்க" என்றார். சொல்லிக்கொண்டே குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்தினார். 43.

25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி லிட்டர் நரம்பில் ஏற்றினோம். கால் மணி நேரத்தில் 128. அந்த அம்மா கண்ணைத் திறந்து, தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். பெயரையும் முழுதாகச் சொன்னார். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. 12:50க்கு மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினேன். பொட்டாசியம் 6.3. ஈசிஜியில் அதே கூம்பு.

1:30க்கு வந்த சீனியர் மேடம் என்னைத் திட்டவில்லை. அன்றைக்கு அதற்கு நேரமும் இல்லை. கால்சியம் மறுபடி போனது. 1:40க்கு இன்சுலின், இந்த முறை 5 யூனிட், கூடவே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப், மணிக்கு ஒரு தடவை விரல் குத்து. நீர் வற்றிப்போனதுதான் சிறுநீரகம் நின்றதற்கு மூலம் என்பதால் உடம்புக்குத் திரவம் ஏற்றுவதைக் கூட்டினார். 2 மணிக்குச் சிறுநீரகப் பிரிவு டியூட்டி மருத்துவரிடம் பேசி, தேவைப்பட்டால் டயாலிசிஸ் என்று சொல்லிவைத்தார். மூன்றரைக்குக் கட்டிலில் தொங்கிய பையில் மெல்லச் சிறுநீர் சேரத் தொடங்கியது. வார்டும் கொஞ்சம் அடங்கியது.

அப்போதுதான் மேடம் சொன்னார்: "காலைக்கு 14க்கு ஒப்படைப்பு எழுது. எங்கிட்ட காட்டு."

பயந்துபோன மனிதன் எப்படி எழுதுவான்? நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். வாந்தி எந்த நாள் தொடங்கியது, எத்தனை தடவை, என்ன மருந்து எப்போது, யார் என்ன சொன்னார் என்று பதினான்கு வரி. எதையும் விட்டுவிட்டேன் என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அந்த மாதிரி ஒரு குறிப்பு. மேடம் மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டார். "இது கேஸ் ஷீட்ல இருக்கு. காலையில வர்றவர் இந்தம்மாவைப் பார்த்ததே இல்ல. அவருக்கு 22 பேர். ஒன்பது மணிக்கு அவர் கை எங்க போகணும்? அத எழுது."

இரண்டாவது தாள் மூன்றே வரி. "பொட்டாசியம் அதிகம். இரவு சர்க்கரை இறங்கியது, சரிசெய்யப்பட்டது. பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீர் அளவு கண்காணிக்கவும்." எழுதி முடித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. 8 மணிக்கு எனக்கு வந்த அதே தாள். சொற்கள்தான் வேறு. மேடம் "கண்காணிக்கவும்" என்ற சொல்லின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். "எத்தனை மணிக்கு? ரத்தம் எடுக்கறது யாரு? எவ்வளவு வந்தா யாரைக் கூப்பிடணும்?" அப்புறம் "சரிசெய்யப்பட்டது" மேலும் ஒரு கோடு. "இதுக்கு பதிலா நேரத்தப் போடு. நேரம் இருந்தா, இன்னும் எத்தன மணி நேரம் ஆபத்துன்னு படிக்கிறவரே கணக்குப் போட்டுக்குவார்."

இது எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய பாடம். முந்தைய டாக்டரின் தாளில் "இன்சுலின் 10 யூனிட், இரவு 7:40, சர்க்கரை நோய் இல்லை" என்று மட்டும் இருந்திருந்தால் போதும், வேறு அறிவுரையே தேவையில்லை. நடு இரவு ஒன்றரை, இரண்டு மணி வரைக்கும் விரல் குத்திப் பார்க்க வேண்டும் என்று அரைத் தூக்கத்தில்கூட எனக்குத் தோன்றியிருக்கும்.

ஐந்து மணிக்கு எடுத்த பொட்டாசியம் 5.5. சிறுநீர் மணிக்கு 60 மில்லி லிட்டர். மூன்றாவது தாளை ஐந்தே முக்காலுக்கு எழுதி முடித்தேன். அதை இங்கே ஞாபகத்திலிருந்துதான் தருகிறேன். ஒப்படைப்புத் தாளை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, அன்று காலையே கிழித்துப் போட்டாயிற்று.

"முதலில் பார்க்க வேண்டியவர். 14ஆம் படுக்கை, 68, பெண். வாந்தி பேதியால் நீர் வற்றிச் சிறுநீரகப் பாதிப்பு. வீட்டில் ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிட்டு வந்தவர். சர்க்கரை நோய் இல்லை.

பொட்டாசியம்: இரவு 7 மணி 6.7, 9 மணி 5.6, 12:50க்கு 6.3, காலை 5 மணி 5.5. மறுபடி ஏறலாம்.

இன்சுலின் இரண்டு முறை: இரவு 7:40 (12:30க்குச் சர்க்கரை 43 ஆனது), 1:40. காலை 8 வரை மணிக்கொரு முறை குளுக்கோமீட்டர். 70க்குக் கீழே வந்தால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி லிட்டர்.

காலை 9 மணிக்குப் பொட்டாசியம், கிரியாட்டினின்: பகல் பயிற்சி மருத்துவர் எடுப்பார். 6 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, ஈசிஜி மாறினாலோ கால்சியம் கொடுத்துவிட்டுச் சிறுநீரகப் பிரிவை அழைக்கவும். 2 மணிக்கே பேசியிருக்கிறோம், அவர்களுக்கு இவரைத் தெரியும். சிறுநீர் இரண்டு மணி நேரம் தொடர்ந்து 30க்குக் கீழே போனாலும் அதே அழைப்பு.

ராமிப்ரில் நிறுத்தப்பட்டது. மகளிடம் 3 மணிக்கு எல்லாம் சொல்லியாயிற்று."

மேடம் இன்னொன்றும் செய்யச் சொன்னார். தாளில் 14ஐ முதலில் போட்டு, ரத்த வாந்திக்காரரை இரண்டாவதாகப் போட்டு, அந்த வரிசையில் எழுதச் சொன்னார். படுக்கை வரிசையில் எழுதினால் 14 வருவதற்குள் கேட்பவர் காது அலுத்துவிடும் என்றார். எனக்கு எட்டு மணிக்கு அப்படித்தான் ஆனது.

காலை 8 மணி. இங்கேதான், குழுவினரே, உங்கள் படிவத்தில் இடமே இல்லாத விஷயம் நடந்தது. பகல் டாக்டர் தாளை வாங்கிக்கொண்டு போகவில்லை. மேடம் விடவில்லை. "நீங்க புரிஞ்சிக்கிட்டதை ஒருதரம் சொல்லுங்க சார்" என்றார். அவர் சொன்னார்: "14. இன்சுலின் 1:40. இப்ப ஒரு விரல் குத்து, அது நல்லா இருந்தா நிறுத்தலாம். 9 மணிக்கு நான் ரத்தம் எடுக்கறேன். ஆறு வந்தா கால்சியம், அப்புறம் போன்." ஒரு கணம் நிறுத்தினார். "ராமிப்ரில் நிறுத்தியாச்சு. ஸ்பைரோனோலாக்டோன்?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். மருந்து அட்டையை எடுத்தால், ராமிப்ரில் மேல் என் கோடும் கையெழுத்தும். அதற்கு அடுத்த வரியில் ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் போலவே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைக்கும் மாத்திரை, காலை 8 மணிக்கு என்று யாரும் தொடாமல் இருந்தது. சிஸ்டரின் ட்ரேயில் 14 என்று எழுதிய சின்னக் கிண்ணத்தில் அந்த மாத்திரை எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

மூன்று தடவை திருத்தி எழுதிய குறிப்பு. என்னால் முடிந்த அளவுக்கு நல்ல குறிப்பு. அதிலும் இந்த ஓட்டை. அதை அடைத்தது தாள் இல்லை, எதிரே நின்றவர் கேட்ட கேள்வி. அவருக்கு அதைக் கேட்க நேரம் இருந்தது, காரணம் மேடம் டியூட்டி முடிந்த பிறகும் எங்களைப் பதினைந்து நிமிடம் நிறுத்திவைத்தார். அட்டவணைப்படி அந்தப் பதினைந்து நிமிடம் கிடையாது. இரவுப் பணி 8க்கு முடிகிறது, பகல் பணி 8க்குத் தொடங்குகிறது. ஒப்படைப்பு எந்த நிமிடத்தில் நடக்கிறது என்று அட்டவணை போடுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் இல்லை. ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையை நீங்களும் படித்திருப்பீர்கள். நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, இப்படி ஆனால் என்ன செய்வது, கடைசியாகப் பெற்றுக்கொள்பவர் திருப்பிச் சொல்வது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் இதைப் பழக்கி, 2014ல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. வாய்மொழி ஒப்படைப்புக்கு ஒரு நோயாளிக்கு ஆன நேரம் முன்பு 2.4 நிமிடம், பின்பு 2.5. அதாவது ஏறக்குறைய அதே நேரம்தான். அங்கேயும் வெறும் படிவத்தை மட்டும் மாற்றவில்லை, பயிற்சி கொடுத்து, ஒப்படைப்பை நேரில் நின்று கவனித்துத் திருத்தியும் இருக்கிறார்கள். 22 பேருக்கும் இரண்டரை நிமிடம் என்றால் ஒரு மணி நேரம் ஆகிவிடும், அது எங்களால் முடியாது, தெரியும். நின்று பேச வேண்டியவர்கள் ஓர் இரவில் ஐந்தாறு பேர்தான். மற்றவர்களுக்கு ஒரு வரி போதும்.

உங்கள் படிவத்துக்கு வருகிறேன். 11ஆம் கட்டம் "நோயாளி நிலை: நிலையாக உள்ளார் / இல்லை" என்கிறது. 14ஆம் படுக்கைக்கு இரவு 9:40க்கு நான் எதில் டிக் அடித்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். 17ஆம் கட்டம் "நிலுவைப் பரிசோதனைகள்: உண்டு / இல்லை". உண்டு என்றால் எந்த மணிக்கு, வந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று எழுத ஒரு விரல் அகலம்கூட இல்லை. இந்த இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோடு போட்ட வெற்றிடம் ஒன்று விடுங்கள். தலைப்பு "எந்த மணிக்கு, என்ன ஆனால், யார், என்ன செய்ய வேண்டும்" என்று இருக்கட்டும். கடந்த ஆறு மணி நேரத்தில் கொடுத்த உடனடி மருந்துகளை நேரத்தோடு எழுத ஒரு வரி வேண்டும். படுக்கை எண் வரிசையை முன்கூட்டியே அச்சடிக்காதீர்கள். மற்ற கட்டங்களில் முக்கால்வாசி கேஸ் ஷீட்டில் இருக்கும் விஷயங்கள். அவற்றை விடியற்காலை ஐந்தரைக்கு இன்னொரு தடவை எழுத வைத்தால், தூக்கக் கலக்கத்தில் தப்பாகத்தான் எழுதுவோம்.

"ஒப்படைப்பு முடிந்தது: ஆம்" என்ற வரிக்குப் பதிலாக, பெற்றுக்கொண்டவர் கேட்ட கேள்வியை எழுதச் சொன்னால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை. அது கொஞ்சம் அதிகப்படி என்று எங்கள் மேடமே சொல்கிறார், விட்டுவிடுகிறேன். ஆனால் அட்டவணையில் 20 நிமிடம் இரண்டு பணியாளர்களும் ஒரே நேரத்தில் வார்டில் இருக்க வேண்டும் என்பதை விடமாட்டேன். அது இல்லாமல் எந்தப் படிவமும் பை தோளில் ஏறிய பிறகு கைமாறும் தாளாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாவுக்கு டயாலிசிஸ் தேவைப்படவில்லை. 9 மணிக்குப் பொட்டாசியம் 5.2 என்று மதியம் எனக்குச் செய்தி வந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து பார்த்தேன்.

இதைப் பற்றி நேரில் பேசக் குழுக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறீர்கள், நன்றி. கூட்டம் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு எனக்கு இரவுப் பணி முடியும் நேரம் அது. ஒன்பதுக்கு மாற்றிவைத்தால் வார்டை ஒப்படைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பொது மருத்துவ வார்டின் இரவுப் பணி மருத்துவர் ஒருவர்